சிங்களப் பக்கத்தை ஒரே தட்டில் தமிழில் திறப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தம்பி, அந்த அறிவித்தல் பக்கம் சிங்களத்திலதான் வருது. போனில ஒருக்காத் தட்டினா தமிழில திறக்கிற மாதிரிச் செய்து தரலாமோ?"

செய்யலாம். இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும். அந்தப் பக்கத்துக்கு முகப்புத் திரையில் ஓர் ஐகன் வைப்பது ஒன்று. பக்கம் திறந்ததும் தானாகத் தமிழுக்கு மாறும்படி குரோமுக்குச் சொல்லி வைப்பது மற்றது. ஆன்ட்ராய்ட் போனில் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் பிடிக்கும். ஐபோனில் வேறு வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அராலியிலிருந்து வந்த ஓர் அம்மா. எங்கள் சனசமூக நிலையத்தில் ஞாயிறு பின்னேரங்களில் போன் சம்பந்தமான உதவிகள் செய்கிறோம், அங்கேதான் வந்தார். மகளுக்கு ஒரு பயிற்சி நெறிக்கு விண்ணப்பிக்க ஒரு திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தளத்தில் சிங்கள அறிவித்தல் முதலில் வரும், தமிழ் அறிவித்தல் பிந்தி வரும். போன முறை தமிழில் வாசித்தபோது முடிவுத் திகதி கடந்திருந்தது. அவருடைய போனில் செய்ததைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு `www.example.com/notices` என்ற முகவரியை வைத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் உங்களுக்கு வேண்டிய முகவரியைப் போடுங்கள்.

"அந்தத் தளத்தில மேலே 'தமிழ்' எண்டு ஒரு பொத்தான் இருக்கே. அதை அழுத்தினாக் காணாதோ?"

இருந்தால் முதலில் அதைத்தான் அழுத்த வேண்டும். மனிதர் எழுதிய தமிழ் இருக்கும் இடத்தில் இயந்திரத் தமிழை நாடக்கூடாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் `meteo.gov.lk` போன்ற தளங்களில் தமிழ்ப் பகுதி உண்டு. கடலுக்குப் போகிறவர்கள் அதைத் திறந்து, தமிழைத் தெரிந்து, அந்தத் தமிழ்ப் பக்கத்துக்கே ஷார்ட்கட் வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பு ஒன்றும் தேவையில்லை.

ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'தமிழ்' பொத்தானை அழுத்தியபின் மேலே முகவரி மாறுகிறதா? முடிவில் `/ta` என்றோ `lang=ta` என்றோ வந்தால் நல்லது, ஷார்ட்கட் நேராகத் தமிழ்ப் பக்கத்தையே திறக்கும். முகவரி மாறாமல் எழுத்து மட்டும் மாறினால், அந்தத் தளம் உங்கள் மொழியைத் தனியாக ஒரு குறிப்பில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். குரோமின் வரலாற்றையும் குக்கீகளையும் துடைத்தால் அந்தக் குறிப்பும் போய்விடும். அதன் பிறகு அதே ஐகன் மறுபடியும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ திறக்கும். அப்போது பயப்படாமல் 'தமிழ்' பொத்தானை இன்னொரு முறை அழுத்தினால் சரி.

இன்னொன்று. சில தளங்களில் தமிழ்ப் பொத்தானை அழுத்தினால் மேலே உள்ள தலைப்புகள் மட்டும் தமிழாகும், உள்ளே அறிவித்தல்கள் சிங்களத்திலேயே இருக்கும். அல்லது தமிழ்ப் பக்கத்தில் கடைசி அறிவித்தலின் திகதி மிகப் பழையதாக இருக்கும். இரண்டு மொழிப் பக்கங்களிலும் மேலே இருக்கும் அறிவித்தலின் திகதியை ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்களப் பக்கம் முந்தி நின்றால் உங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவை.

"சரி, முதலில பக்கத்தைத் தமிழாக்கிறது எப்பிடி?"

குரோமில் அந்தச் சிங்களப் பக்கத்தைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, Translate என்பதைத் தெரியுங்கள். ஒரு சிறிய பட்டை வரும். அதில் இரண்டு மொழிப் பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று பக்கத்தின் மொழி, மற்றது மாற்றப்போகும் மொழி.

உங்கள் போன் ஆங்கிலத்தில் இருந்தால் பக்கம் முதலில் ஆங்கிலத்துக்குத்தான் மாறும். பலர் இந்த இடத்தில் "தமிழ் வருகுதில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அதே பட்டையின் ஓரத்தில் உள்ள அமைப்புக் குறியைத் தட்டி, More languages என்பதற்குள் போய், Tamil என்பதைத் தெரிய வேண்டும். அடுத்த முறையிலிருந்து குரோம் தமிழையே முன்வைக்கும். அப்படி வைக்காவிட்டால் குரோமின் Settings, பிறகு Languages என்று போய், எந்த மொழிக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கும் வரியில் தமிழைப் போட்டுவிடுங்கள்.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் சேர்ந்தது, சிங்களம் 2014 முடிவில் சேர்ந்தது. இரண்டும் இருப்பதால் சிங்களத்திலிருந்து நேரே தமிழைத் தெரிய முடிகிறது. முதலில் ஆங்கிலமாக்கி அதன்பின் தமிழாக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த இரட்டை வேலை வேண்டாம்.

"இனி ஐகன் வைக்கிறது?"

பக்கம் திறந்திருக்கும்போதே மூன்று புள்ளிகளைத் தட்டி Add to Home screen என்பதை அழுத்துங்கள். புதிய குரோமில் Install என்றும் Create shortcut என்றும் இரண்டு தெரிவுகள் வரலாம். Create shortcut என்பதையே தெரியுங்கள். ஏன் என்பதை அடுத்த பதிலில் விளக்குகிறேன். பிறகு பெயர் கேட்கும். தளத்தின் நீளமான சிங்களப் பெயரையோ ஆங்கிலப் பெயரையோ அழித்துவிட்டு, "பயிற்சி அறிவித்தல்" என்று உங்களுக்கு விளங்கும் பெயரைத் தமிழில் எழுதுங்கள். ஐகனின் கீழே நீளமான பெயர் வெட்டுப்படும், ஆகவே சுருக்கமாக வையுங்கள். கடைசியில் Add என்பதை அழுத்தினால் ஐகன் முகப்புத் திரையில் வந்து உட்காரும்.

ஐகனின் ஓரத்தில் ஒரு சின்னக் குரோம் அடையாளம் இருக்கும். அதைக் கண்டு, ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குரோமில் திறக்கும் ஷார்ட்கட் என்பதற்கான அடையாளம் அது.

"ஏன் Install வேண்டாம் எண்டுறீங்கள்? அது நல்ல அப் மாதிரித்தானே வரும்?"

அப் மாதிரி வருவதுதான் இங்கே சிக்கல். அப்படிப் போட்ட தளம் பெரும்பாலும் முழுத் திரையில் திறக்கும், முகவரிப் பட்டையும் இருக்காது, மூன்று புள்ளிகளும் இருக்காது. மூன்று புள்ளிகள் இல்லையென்றால் Translate எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிவரும். அத்துடன் Install செய்த ஐகன், தளத்தை நடத்துகிறவர்கள் குறித்து வைத்த தொடக்கப் பக்கத்தைத்தான் திறக்கும். நீங்கள் நின்ற அறிவித்தல் பக்கத்துக்குக் கொண்டுபோகாது. Create shortcut அப்படியில்லை. நீங்கள் நின்ற பக்கத்தின் முகவரியை அப்படியே வைத்துக்கொண்டு குரோமிலேயே திறக்கும்.

தளமே தமிழில் இருந்து, அதைத் தினமும் பாவிக்கிறீர்கள் என்றால் Install செய்வதில் ஒரு குறையும் இல்லை.

"தமிழாக்கின பிறகுதான் ஐகன் வைச்சனான். ஆனா ஐகனைத் தட்டினாத் திரும்பச் சிங்களத்தில வருது. ஏன்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் கூடுதலாக வரும் கேள்வி இதுதான். ஷார்ட்கட்டுக்குள் இருப்பது முகவரி மட்டும். மொழிபெயர்ப்பு அதற்குள் இல்லை. நீங்கள் பார்த்த தமிழ், குரோம் உங்கள் திரையில் அந்த நேரத்துக்கு மாற்றிக் காட்டியது. தளத்தில் இருக்கும் பக்கம் மாறவில்லை, முகவரியும் மாறவில்லை. ஆகவே அடுத்த நாள் ஐகனைத் தட்டும்போது பழைய சிங்களப் பக்கம்தான் புதிதாக இறங்கும்.

இதைத் தீர்க்க, சிங்களப் பக்கம் எதைத் திறந்தாலும் தானாக மாற்றும்படி குரோமிடம் சொல்ல வேண்டும். பக்கத்தை ஒரு முறை தமிழாக்கிவிட்டு, மொழிப் பட்டையின் ஓரக் குறியைத் தட்டுங்கள். அங்கே Always translate pages in Sinhala என்ற வரி இருக்கும். அதை அழுத்தினால் முடிந்தது. இப்போது குரோமை முழுதாக மூடிவிட்டு ஐகனைத் தட்டிப் பாருங்கள். முதலில் ஒரு கணம் சிங்களம் தெரியும், பிறகு தமிழாகும். இணைப்பு மெதுவாக இருந்தால் அந்த ஒரு கணம் ஐந்தாறு செக்கனாக நீளலாம். அந்த இடைவெளியில் அவசரப்பட்டுத் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள்.

அராலி அம்மாவின் போனில் ஒரு தடையும் இருந்தது. குரோமின் மொழிப் பட்டியலில் ஆங்கிலத்துடன் சிங்களமும் சேர்ந்திருந்தது. கடையில் வாங்கியபோது யாரோ போட்டிருக்கலாம். பட்டியலில் இருக்கும் மொழியை உங்களுக்குத் தெரிந்த மொழி என்று குரோம் எடுத்துக்கொள்ளும், அதனால் மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்கவே கேட்காது. Settings, Languages என்று போய் அந்தப் பட்டியலிலிருந்து Sinhala என்பதை எடுத்துவிட்டோம். அப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

இதில் ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் திறக்கும் எல்லாச் சிங்களப் பக்கங்களும் இனித் தமிழாகும். வீட்டில் பிள்ளை அதே போனில் சிங்களம் படிக்கிறது என்றால் அதற்கு இடைஞ்சல். அப்போது பட்டையில் Sinhala என்ற பெயரைத் தட்டினால் மூலம் திரும்ப வரும்.

"Add எண்டதை அழுத்தினன். ஒண்டுமே வரேல்லை."

எங்களிடம் வரும் போன்களில் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றுதான்.

சாம்சங் போனில் முகப்புத் திரை பூட்டப்பட்டிருக்கலாம். ஐகன்கள் தவறுதலாக இடம்மாறாமல் இருக்க பிள்ளைகள் பெற்றோரின் போனில் இதைப் போட்டுவிடுவார்கள். Settings, Home screen என்று போய் Lock Home screen layout என்பதை நிறுத்துங்கள். ஐகனை வைத்தபின் மறுபடி பூட்டிக்கொள்ளலாம்.

ரெட்மி, ஷவோமி போன்களில் குரோமுக்கு ஐகன் வைக்கும் அனுமதியே கொடுக்கப்பட்டிருக்காது. Settings, Apps, Chrome என்று போய் Other permissions என்பதற்குள் Home screen shortcuts என்பதை அனுமதியுங்கள். பழைய போன்களில் இந்தப் பெயர்கள் சற்று முன்பின் இருக்கும், இடம் இதுதான்.

இரண்டும் சரியாக இருந்தும் ஐகனைக் காணோம் என்றால், முகப்புத் திரையை இடப்பக்கமாகத் தள்ளிக் கடைசிப் பக்கம் வரை பாருங்கள். முதற்பக்கம் நிரம்பியிருந்தால் ஐகன் அங்கே போய் இருக்கும்.

"என்ர மெனுவில Add to Home screen எண்ட வரியே இல்லையே?"

நீங்கள் குரோமுக்குள் இல்லாமல் இருக்கலாம். பேஸ்புக்கில் யாரோ பகிர்ந்த இணைப்பைத் தட்டினால், பேஸ்புக் தனக்குள்ளேயே ஒரு சிறிய ஜன்னலில் அதைத் திறக்கும். பார்க்கக் குரோம் மாதிரி இருந்தாலும் அது குரோம் இல்லை. அங்கே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, வெளி உலாவியில் திறக்கும் வரியைத் தெரியுங்கள். பக்கம் குரோமுக்கு வந்தபின் மெனுவைப் பார்த்தால் வரி இருக்கும்.

இன்னொரு காரணம், மறைநிலைத் தாவல். கறுப்புப் பின்னணியில் தொப்பியும் கண்ணாடியும் போட்ட படம் இருந்தால் அது மறைநிலை. அதில் ஷார்ட்கட் வைக்க முடியாது. சாதாரணத் தாவலில் திறந்து செய்யுங்கள்.

"மகள் கனடாவிலிருந்து ஐபோன் அனுப்பியிருக்கிறா. அதில சஃபாரி தமிழ் காட்டுதில்லை."

சஃபாரியில் சொந்த மொழிபெயர்ப்பு உண்டு, ஆனால் அந்த மொழிப் பட்டியலில் தமிழைக் காணாவிட்டால் அதனுடன் மினக்கெட வேண்டாம். வேறொரு வழி இருக்கிறது. கூகுள் மொழிபெயர்ப்பு வழியாகவே பக்கத்தைத் திறந்து, அந்த மொழிபெயர்த்த பக்கத்தின் முகவரிக்கு ஐகன் வைக்கலாம். சஃபாரியின் முகவரிப் பட்டையில் இப்படி எழுதுங்கள்:

```
https://translate.google.com/translate?sl=si&tl=ta&u=https://www.example.com/notices
```

இதில் `sl` என்பது மூல மொழி, `si` என்றால் சிங்களம். `tl` என்பது வேண்டிய மொழி, `ta` என்றால் தமிழ். `u=` என்பதற்குப் பின்னால் உங்களுக்கு வேண்டிய பக்கத்தின் முகவரி. ஆங்கிலப் பக்கம் என்றால் `si` என்ற இடத்தில் `en` போடுங்கள்.

பக்கம் திறந்ததும் முகவரி தானாக மாறும். புள்ளிகள் எல்லாம் சிறு கோடுகளாகி, `www-example-com.translate.goog` என்று தொடங்கும். அப்படி மாறியதா, எழுத்து தமிழில் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். பிறகு பகிர்வுக் குறியைத் தட்டுங்கள். சதுரத்திலிருந்து மேலே போகும் அம்பு அது. புதிய ஐபோன்களில் அது மூன்று புள்ளிகளுக்குள் இருக்கலாம். வரும் பட்டியலைக் கீழே தள்ளினால் Add to Home Screen இருக்கும். பெயரை மாற்றி, Add. புதிய ஐபோனில் Open as Web App என்று ஒரு சுவிட்ச் தெரிந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அப்போது பக்கம் சஃபாரியிலேயே திறக்கும், முகவரியும் கண்ணுக்குத் தெரியும்.

இந்த வழியில் மொழிபெயர்ப்பு முகவரிக்குள்ளேயே இருப்பதால் ஐகனைத் தட்டும் ஒவ்வொரு முறையும் தமிழில்தான் வரும். ஆன்ட்ராய்டிலும் இதைச் செய்யலாம். வீட்டில் எல்லாச் சிங்களப் பக்கங்களும் தமிழாவது பிடிக்காதவர்களுக்கு, ஒரு பக்கத்துக்கு மட்டும் இப்படிச் செய்து கொடுக்கிறேன்.

ஆனால் இது வாசிப்பதற்கான வழி மட்டும். நீங்கள் பார்ப்பது கூகுள் வழியாக வரும் பிரதி. அதில் உள்நுழைவும் படிவங்களும் பல தளங்களில் வேலை செய்யாது. வேலை செய்தாலும் அடையாள அட்டை இலக்கத்தையோ கடவுச்சொல்லையோ அங்கே எழுதக்கூடாது. விண்ணப்பத்தை நிரப்ப வேண்டிய நேரத்தில் தளத்தின் சொந்த முகவரிக்குப் போய் நிரப்புங்கள்.

"தமிழில வாசிச்சனான். அப்பிடியே நம்பலாமோ?"

விஷயம் என்ன என்று அறிய நம்பலாம். அதை வைத்துக் கையெழுத்துப் போடவோ காசு கட்டவோ நம்பக்கூடாது.

பிழை எங்கே வரும் என்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். முதலாவது, இடப்பெயர்கள். எங்கள் ஊர்களுக்குச் சிங்களத்தில் வேறு பெயர்கள் இருக்கின்றன. பருத்தித்துறையைச் சிங்களத்தில் பேதுருதுடுவ என்பார்கள், ஊர்காவற்றுறையை ஊராதொட என்பார்கள், நயினாதீவை நாகதீப என்பார்கள். மொழிபெயர்ப்பு சில வேளை எங்கள் பெயரைப் போடும், சில வேளை சிங்கள ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடும். அறிவித்தலில் "ஊராதொட" என்று ஒரு நிலையம் இருந்தால் அது தென்னிலங்கையில் எங்கோ இருக்கும் ஊர் என்று தள்ளிவிடாதீர்கள். தீவகத்துப் பிள்ளைக்கு உரிய நிலையமாக இருக்கலாம்.

இரண்டாவது, பல பொருள் உள்ள சிறு சொற்கள். ஆங்கிலப் பக்கத்தில் முகப்புக்குப் போகும் Home என்ற பொத்தான் "வீடு" என்று வரும். வேலைவாய்ப்புப் பக்கத்தில் Post என்பது பதவியாக வராமல் "இடுகை" என்று வரலாம். பிரதேச செயலகம் போன்ற நிர்வாகப் பெயர்களும் வேறு சொற்களில் வந்து குழப்பும். பொருத்தமில்லாத சொல் கண்ணில் பட்டால் பட்டையில் மூல மொழியைத் தட்டி, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கங்களை ஒப்பிடலாம். திகதி, வயதெல்லை, கட்டணம், தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கையும் மூலத்தில் பார்த்துத்தான் நான் தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.

மூன்றாவது, "இல்லை", "தவிர", "மட்டும்" போன்ற சொற்கள் வரும் நீண்ட வாக்கியங்கள். யார் விண்ணப்பிக்கலாம், யார் விண்ணப்பிக்கக்கூடாது என்பது அங்கேதான் தலைகீழாகப் புரண்டுவிடும். அராலி அம்மாவின் அறிவித்தலில் ஒரு நிபந்தனை, ஏற்கெனவே ஒரு நெறியைப் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று எனக்கு விளங்கியது. வாக்கியம் இடறியதால் சிங்களம் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் காட்டினோம். விண்ணப்பிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். நல்ல வேளை, மகளுக்கு அந்த நிபந்தனை பொருந்தவில்லை. இப்படியான ஒரு வரிக்காக ஆளைத் தேடிப் போவது வீண் அலைச்சல் இல்லை.

"பக்கம் தமிழாகுது, ஆனா சில இடம் அப்பிடியே கிடக்குது."

அந்த இடம் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். விரலை அந்த எழுத்தின் மேல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். சொல் நீல நிறத்தில் தெரிவானால் அது எழுத்து. ஒன்றும் தெரிவாகாவிட்டால் படம். படத்துக்குள் இருப்பதைக் குரோமின் Translate தொடாது.

பி.டி.எஃப் கோப்பும் அப்படித்தான். அறிவித்தலின் தலைப்பு பக்கத்தில் தமிழாகும், அதைத் தட்டினால் இறங்கும் சுற்றறிக்கை சிங்களத்திலேயே இருக்கும். அதில் எழுத்துத் தெரிவாகுமானால் பிரதி எடுத்துக் கூகுள் மொழிபெயர்ப்பில் ஒட்டலாம். ஒரு தடவைக்கு 5000 எழுத்துகள் வரை எடுக்கும், ஆகவே பந்தி பந்தியாக ஒட்டுங்கள். ஸ்கான் செய்து போட்ட ஆங்கிலக் கடிதம் என்றால் கூகுள் லென்ஸ் நன்றாக வாசிக்கும். ஸ்கான் செய்த சிங்களக் கடிதத்தை நான் வாசிக்கத் தெரிந்தவரிடம்தான் கொண்டுபோகிறேன்.

இன்னொரு வகையும் உண்டு, பலர் இதை அடையாளம் காண்பதில்லை. பழைய பக்கத்தையோ கோப்பையோ திறந்தால் சிங்களத்துக்குப் பதிலாக `Y%S ,xld` என்று ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து தெரியும். அது "ஸ்ரீ லங்கா" என்ற சிங்களச் சொல்தான். யூனிகோட் வருமுன் பாவித்த எழுத்துருவில் தட்டியது. எங்கள் பாமினி மாதிரி என்று சொன்னால் உடனே விளங்கும். பாமினியில் தட்டிய "இலங்கை", அந்த எழுத்துரு இல்லாத போனில் `,yq;if` என்று தெரியுமல்லவா, அதே கதை. மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்கு அது எந்த மொழியும் இல்லை. சிலவற்றை ஆங்கிலம் என்று நினைத்து அர்த்தமில்லாத தமிழைக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே மொழிபெயர்க்க முடியும்.

"வங்கிப் பக்கத்தையும் இப்பிடித் தமிழாக்கலாமோ?"

வேண்டாம். மொழிபெயர்க்கும்போது பக்கத்தில் உள்ள எழுத்து கூகுளின் சேவையகத்துக்குப் போய்த்தான் தமிழாகி வருகிறது. அறிவித்தல் எல்லோருக்கும் பொதுவானது, போகட்டும். உங்கள் கணக்கு மீதியும் வைத்தியசாலை அறிக்கையும் பொதுவானவை இல்லை. அந்தத் தளத்தில் நிற்கும்போது பட்டையின் ஓரக் குறியைத் தட்டி Never translate this site என்பதைத் தெரிந்துவிடுங்கள்.

ஷார்ட்கட் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. ஐகனுக்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கலாம், படத்தைத் தளம்தான் கொடுக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் திறந்து, அதற்கு வங்கியின் பெயரில் ஐகன் வைத்தால், அந்தப் போலித் தளம் தினமும் உங்கள் கண்முன் நிற்கும். ஐகன் வைக்குமுன் முகவரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். வங்கி அட்டையிலோ கணக்குப் புத்தகத்திலோ அச்சிட்டிருக்கும் முகவரியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

"போன் இங்கிலிஸில இருக்கு. தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தா இங்கிலிஸாக்கட்டோ எண்டு கேட்குது."

பட்டையின் ஓரக் குறியைத் தட்டி Never translate pages in Tamil என்பதைத் தெரியுங்கள். அதன்பின் கேட்காது.

"இந்த ஐகன் டேட்டாவைத் தின்னுமோ? டேட்டா முடிஞ்சாலும் திறக்குமோ?"

ஐகன் சும்மா இருக்கும்போது ஒன்றும் தின்னாது, போனில் இடமும் பிடிக்காது. தட்டினால் பக்கம் இறங்கும் அளவுக்கு டேட்டா போகும், தமிழாக்கவும் சிறிதளவு போகும். டேட்டா முடிந்தால் பக்கமும் வராது, தமிழும் வராது.

ஆகவே முக்கியமான அறிவித்தலைத் தமிழில் கண்டவுடன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மூலச் சிங்களத்திலும் ஒன்று எடுங்கள். பிரதேச செயலகத்தில் கேட்கப் போகும்போது அங்கே உள்ள உத்தியோகத்தருக்கு மூலத்தைக் காட்டுவதுதான் வேலையை விரைவாக்கும்.

"வேலை முடிஞ்சுது. ஐகனை எடுத்தா அந்தத் தளமும் போயிடுமோ?"

போகாது. ஐகனை அழுத்திப் பிடித்து Remove என்பதைத் தட்டுங்கள். ஐகன் மட்டும்தான் போகும். Install செய்து வைத்த தளமாக இருந்தால் Uninstall என்று காட்டும், அதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். Always translate என்று போட்டதையும் எடுக்க வேண்டுமானால், ஏதாவது ஒரு சிங்களப் பக்கத்தைத் திறந்து, அதே பட்டையின் ஓரக் குறிக்குள் போய் அந்த வரியை இன்னொரு முறை தட்டுங்கள். அடையாளம் நீங்கிவிடும். அராலி அம்மா இரண்டையும் இன்னும் எடுக்கவில்லை, மகளின் நேர்முகத் தேர்வுத் திகதிக்காகக் காலையில் ஒருக்கா, இரவில் ஒருக்கா அந்த ஐகனைத் தட்டிப் பார்க்கிறார்.